புளியங்கொட்டையும் வேர்க்கடலையும்: மாதம் 500 ரூபாய் எப்படி வளருகிறது

ஊத்தங்கரைப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் பங்குனி வந்துவிட்டால் எல்லாத் திண்ணையிலும் புளிதான். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுப்பார்கள். என் அம்மாவுக்கு எழுபது வயது. இன்னும் அந்த வேலையை விடவில்லை. பரீட்சை முடிந்து ஊருக்கு வந்த என் மகள், எட்டாம் வகுப்பு, நான்கு நாள் ஆயாவோடு உட்கார்ந்து கொட்டை எடுத்தாள். அதற்குக் கூலியாக அம்மா அவளிடம் ஒரு 500 ரூபாய்த் தாளைக் கொடுத்தார். கொடுத்த கையோடு ஒரு யோசனையும் சொன்னார்.

"இதை தபாலாபீஸ்ல போட்டுடலாம் கண்ணு. மாசா மாசம் 500 போடுற கணக்கு ஒண்ணு ஆரம்பிச்சுடலாம். அடுத்த மாசத்துல இருந்து உங்கம்மா தரட்டும்."

மகள் செல்போனை எடுத்து ஏதோ தட்டிப் பார்த்தாள். அஞ்சலகத் தொடர் வைப்பு, அதாவது எல்லோரும் ஆர்.டி. என்று சொல்வது, ஐந்து வருடத் திட்டம். 2023 அக்டோபரிலிருந்து வட்டி ஆண்டுக்கு 6.7 சதவீதம். மாதம் 500 போட்டால் ஐந்து வருடம் கழித்து 35,683 ரூபாய் கிடைக்கும் என்று திரையில் வந்தது.

"ஆயா, நாமளே 30,000 போடுறோம். அஞ்சு வருஷம் காத்திருந்தா 5,683 தான் கூட வருது. இதுக்கா இவ்வளவு?"

நியாயமான கேள்வி. ஐந்து வருடத்தோடு நிறுத்திப் பார்க்கிற எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். நானே பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குக் கணக்கு வரும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு இல்லை, குழுவில் படித்தது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது 1989-ல், எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, அது 2004-ல்தான் பிரிந்தது. அந்த முதல் சில வருடங்களிலேயே எங்கள் தெருவில் ஒரு குழு வந்தது. அம்மா அதில் ஊக்குநர். சந்தா, கடன், வட்டி, அபராதம் என்று நான்கு கட்டம் போட்ட நோட்டு ஒன்று எந்நேரமும் அவர் இடுப்பில் செருகியிருக்கும். அதனால் பேத்தியின் கேள்விக்குக் கோபப்படாமல், முறத்தில் இருந்த கொட்டையை அள்ளித் தரையில் கொட்டினார்.

"முதல்ல வட்டின்னா என்னன்னு சொல்லு."

"100 ரூபாய்க்கு 6 ரூபாய் 70 பைசா."

"எத்தனை மாசத்துக்கு?"

மகள் விழித்தாள். இங்கேதான் எங்கள் பக்கத்தில் பெரியவர்களே தடுக்கி விழுவார்கள். ஊரில் 'ரெண்டு ரூபாய் வட்டி' என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24. அஞ்சலகமும் வங்கியும் சொல்வது வருடக் கணக்கு. அந்த 6.7-ஐ ஊர்க் கணக்குக்கு மாற்றினால் 100 ரூபாய்க்கு மாதம் 56 பைசா. ஆக இது வெறும் ஐம்பத்தாறு பைசா வட்டி. இது மனதில் பதிந்தால் இரண்டு விஷயம் விளங்கும். ஒன்று, இவ்வளவு சின்ன வட்டி பெரிதாக வளர வேண்டுமென்றால் காலம் நிறைய வேண்டும். இன்னொன்று, வெளியில் மூன்று ரூபாய் வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு இங்கே 56 பைசா வட்டிக்குச் சேமிப்பது வீண் வேலை. கடனை அடைப்பதுதான் அப்போது சேமிப்பு. அம்மா குழுவில் புதிதாகச் சேர வருகிறவர்களிடம் முதலில் கேட்பதே, "வெளிய எத்தனை ரூபாய் வட்டிக்கு வாங்கியிருக்க?" என்பதுதான்.

சரி, வட்டி எப்படி ஏறுகிறது? ஆர்.டி.யில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைக் கணக்குப் பார்த்து அசலோடு சேர்க்கிறார்கள். அம்மா மூன்று கொட்டைகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

"இது சித்திரையில போட்டது, இது வைகாசி, இது ஆனி. ஆனி முடியறப்ப முதல் 500 மூணு மாசம் இருந்திருக்கும், ரெண்டாவது ரெண்டு மாசம், மூணாவது ஒரு மாசம். மூணும் ரெண்டும் ஒண்ணும் ஆறு. ஒரே 500 ரூபாய் ஆறு மாசம் இருந்த மாதிரி. அதுக்கு என்ன வட்டி?"

மகள் போட்டுப் பார்த்தாள். 16 ரூபாய் 75 பைசா. (அஞ்சலகச் சூத்திரத்தில் பைசாவில் கொஞ்சம் முன்னபின்ன வரும், அது இங்கே முக்கியம் இல்லை.) ஆக மூன்று மாத முடிவில் கணக்கில் 1,516 ரூபாய் 75 பைசா.

அடுத்த மூன்று மாதத்துக்குப் புதிதாகப் போடும் மூன்று 500-க்கு அதே 16.75. பழைய 1,500 ரூபாய் முழுதாக மூன்று மாதம் இருந்ததற்கு 25 ரூபாய் 13 பைசா. இரண்டையும் கூட்டினால் 41.88. ஆனால் கணக்கில் ஏறுவது 42.16.

"28 பைசா அதிகமா வருதே?"

"அதுதான் குட்டி" என்றார் அம்மா.

போன தடவை ஏறிய 16.75-ம் கணக்கிலேயே கிடந்தது. அதற்கும் மூன்று மாத வட்டி. அதுதான் அந்த 28 பைசா. வட்டி குட்டி போடுகிறது என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தக் குட்டியை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த மூன்று மாதத்தில் இந்தக் குட்டிப் பணம் 99 பைசா. அதற்கடுத்து 2 ரூபாய் 13 பைசா. தொகை சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னது. ஆனால் 28 பைசா மூன்று மடங்குக்கு மேல் ஆனதையும், அது திரும்ப இரண்டு மடங்கு ஆனதையும் மகள் கவனித்துவிட்டாள். நாம் போடுவது ஒவ்வொரு மாதமும் அதே 500. நாம் ஒன்றும் செய்யாமலே வளர்ந்துகொண்டே போவது இந்தக் குட்டிதான்.

"உங்க தாத்தா, குட்டியில பங்குன்னு பேசி, வாரத்துக்கு ஆடு விட்டிருந்தாரு தெரியுமா? ஒரே வெள்ளாடு. போட்ட குட்டியை எல்லாம் ஆடிக்கு ஒண்ணு, தீபாவளிக்கு ஒண்ணுன்னு வித்துத் தின்னோம். பத்து வருஷம் கழிச்சும் அதே ஒரு ஆடு. பக்கத்து வீட்டுக்காரங்க பொட்டைக் குட்டியை மட்டும் விக்கல. அவங்க பட்டி எவ்வளவு பெருசுன்னு நீயே பாத்திருக்க."

வட்டியை அப்போதைக்கப்போது எடுத்துவிட்டால் அது தனிவட்டி. எடுக்காமல் விட்டால் கூட்டுவட்டி. பாடப் புத்தகத்தில் இது இரண்டு சூத்திரமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அது ஒரு ஆடாக இருந்திருக்கிறது.

அடுத்து அம்மா உள்ளே போய் வறுத்த வேர்க்கடலை ஒரு சொம்பு கொண்டுவந்தார். ஒரு புளியங்கொட்டை என்றால் நாம் போட்ட 1,000 ரூபாய். ஒரு கடலை என்றால் 1,000 ரூபாய் வட்டி. மகள் செல்போனில் கணக்குப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அம்மா ஐந்து ஐந்து வருடமாக வைத்துக்கொண்டே போனார்.

முதல் ஐந்து வருடம்: 30 கொட்டை, 6 கடலை. பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது.

பத்து வருடம்: இன்னும் 30 கொட்டை. கடலை மொத்தம் 25. அதாவது இரண்டாவது ஐந்து வருடத்தில் மட்டும் 19 வந்திருக்கிறது.

பதினைந்து வருடம்: மறுபடி அதே 30 கொட்டை. இந்தத் தடவை 40 கடலை வந்து மொத்தம் 65.

இருபது வருடம்: கடைசி 30 கொட்டை. கடலை 66 வைத்தார். இப்போது தரையில் 120 கொட்டையும் 131 கடலையும். நாம் போட்டதைவிட வட்டி அதிகம். மொத்தம் 2,51,000 ரூபாய் சொச்சம்.

நான்கு வரிசையிலும் கொட்டை ஒரே அளவு. கடலை மட்டும் 6, 19, 40, 66. மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கை நீட்டி, முதல் வரிசையில் இருந்த ஆறு கடலையையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அய்யோ, அந்த வரிசையிலயா எடுத்த?" என்றார் அம்மா. "கடைசி வரிசையில ஆறு எடுத்திருந்தா ஆறோட போயிருக்கும். இந்த ஆறு பதினஞ்சு வருஷம் உள்ள கிடந்திருந்தா என்னாயிருக்கும்னு பாரு."

மகள் பார்த்தாள். 6,000 ரூபாய் பதினைந்து வருடம் அதே வட்டியில் கிடந்தால் 16,000-க்குக் கொஞ்சம் மேல். அவள் தின்றது ஆறு இல்லை, பதினாறு.

இந்தக் கணக்கில் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்பும் இடம் ஒன்று உண்டு. பத்து வருடம் முடிந்து ஆறு மாதம் போல ஆகும்போது கணக்கில் 91,000 ரூபாய் இருக்கும். அப்போது மூன்று மாதத்துக்கு ஏறும் வட்டி 1,500 ரூபாயைத் தாண்டும். நாம் மூன்று மாதத்தில் போடுவதும் 1,500 தான். அதுவரைக்கும் கணக்கை வளர்த்தது நாம். அதற்குப் பிறகு நம்மைவிட வட்டி அதிகமாகப் போடுகிறது. இருபதாவது வருடத்தின் கடைசி மூன்று மாதத்தில் நாம் போடுவது அதே 1,500, வட்டி போடுவது 4,100. பெரும்பாலானவர்கள் கணக்கை முடிப்பது ஐந்தாவது வருடத்தில், மிஞ்சிப்போனால் பத்தாவது வருடத்தில். மகசூல் வரும் நேரத்தில் காட்டை விற்பது மாதிரி. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. 2020-ல் வட்டி 5.8 சதவீதமாகக் குறைந்திருந்த நேரத்தில் ஒரு ஆர்.டி. ஆரம்பித்து, 2025-ல் 34,848 ரூபாய் வாங்கி, அதே வாரத்தில் வாஷிங் மெஷினாக மாற்றியவள். மெஷின் நன்றாகத் துவைக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது.

மகளுக்கு இன்னொரு சந்தேகம். "நான் இப்ப சின்னப் பொண்ணு. வேலைக்குப் போனதும் போட்டுக்கிட்டா ஆகாதா? அப்ப 500 எல்லாம் சாதாரணம்."

அம்மா கொட்டைகளை இரண்டு குவியலாகப் பிரித்தார். முதல் பத்து வருடத்தில் போட்ட 60 ஒரு பக்கம், அடுத்த பத்து வருடத்தில் போட்ட 60 இன்னொரு பக்கம். இரண்டும் அதே 60,000 ரூபாய்தான். பிறகு கடலையை எது எதனுடையது என்று பிரிக்கச் சொன்னார். அதை எங்கள் மூவருக்கும் முதலில் பிரிக்கத் தெரியவில்லை. மகள்தான் வழி கண்டுபிடித்தாள். இரண்டாவது குவியல் தனியாகப் பார்த்தால் ஒரு பத்து வருட ஆர்.டி. மட்டும்தான். அது 85,400 ஆகும் என்று ஏற்கெனவே தெரியும். மொத்தம் 2,51,400. கழித்தால் மிச்சம் 1,66,000. அது முழுக்க முதல் குவியலுடையது. பத்தாவது வருடத்தோடு ஒரு பைசாகூடப் போடாமல் நிறுத்திவிட்டு, கணக்கை அப்படியே விட்டிருந்தாலும் அந்த 60,000 மட்டும் 1,66,000 ஆகியிருக்கும். தாமதமாக வந்த 60,000-க்கு 25 கடலை. முந்தி வந்த 60,000-க்கு 106.

85,400 எப்படி 1,66,000 ஆனது என்று கேட்டால், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 72-ஐ வட்டி சதவீதத்தால் வகுத்தால், பணம் இரண்டு மடங்கு ஆக எத்தனை வருடம் ஆகும் என்று தோராயமாக வரும். 72-ஐ 6.7-ஆல் வகுத்தால் பத்தே முக்கால். இரண்டு ரூபாய் வட்டி, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம் என்றால் மூன்றே வருடம். கட்டாமல் விட்ட கடன் நமக்குத் தெரியாமல் எப்படி வீங்குகிறது என்பதற்கும் இதே கணக்குதான்.

இவ்வளவு நேரம் சொன்னதில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அஞ்சலக ஆர்.டி. இருபது வருடம் ஓடாது. ஐந்து வருடம், பிறகு விண்ணப்பம் கொடுத்து இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம், ஆரம்பித்த அதே வட்டியில். பத்து வருடத்தோடு சரி. இருபது வருடக் கணக்கு என்பது வட்டி விகிதம் மாறாது என்று வைத்துப் பார்த்தது. நிஜத்தில் அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது விகிதம் அறிவிக்கிறது. நாம் கணக்கு ஆரம்பித்த அன்று இருந்த விகிதம் நம் கணக்குக்கு மாறாது, ஆனால் அடுத்து ஆரம்பிக்கும் கணக்குக்கு என்ன விகிதம் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அப்படியானால் பத்து வருடம் முடிந்து கையில் வரும் 85,400-ஐ என்ன செய்வது? மகளுக்குச் சொன்னது இது: அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் விடாமல், அன்றைக்கே மொத்தமாக வேறொரு சேமிப்பில் வைத்துவிட்டு, புதிதாக ஒரு ஆர்.டி. ஆரம்பிக்க வேண்டும். கிசான் விகாஸ் பத்திரம் என்று ஒன்று அஞ்சலகத்திலேயே இருக்கிறது. இப்போதைய 7.5 சதவீத வட்டியில் அது 115 மாதத்தில் இரண்டு மடங்கு ஆகிறது. ஒன்பது வருடம் ஏழு மாதம். குவியலைக் கலைக்காமல் இடம் மாற்றுவது, அவ்வளவுதான்.

விலைவாசி என்று ஒன்று வேறு இருக்கிறது. அதுவும் கூட்டுவட்டி மாதிரியேதான் ஏறுகிறது. ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்தால், இருபது வருடம் கழித்து வரும் அந்த 2,51,400 ரூபாயால் வாங்க முடிவது, இன்றைக்கு 95,000 ரூபாயால் வாங்க முடிகிற அளவுதான். இதைக் கேட்டு மகளுக்கு முகம் தொங்கிப்போனது. ஆனால் பீரோவில் வைத்த பணத்துக்கு இந்தக் கடலைகூடக் கிடையாது, அது தேய்வதோடு சரி. அதனால்தான் அம்மா சொல்கிறார், சம்பாதிக்க ஆரம்பித்தபின் அதே 500-ஐயே போட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்று. குழுவில் அவர்கள் மாதம் 20 ரூபாய்ச் சந்தாவில் தொடங்கி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூடிப் பேசி ஏற்றிக்கொண்டே வந்தார்களாம். கூலி ஏறியபோதெல்லாம் சந்தாவும் ஏறியிருக்கிறது.

இனி நடைமுறை. பத்து வயது ஆன பிள்ளை தன் பெயரிலேயே ஆர்.டி. கணக்கு ஆரம்பிக்கலாம். குறைந்தது மாதம் 100 ரூபாய், அதற்குமேல் பத்தின் மடங்கில் எவ்வளவும். மாதத்தின் முதல் 15 தேதிக்குள் ஆரம்பித்தால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16-க்கு மேல் ஆரம்பித்தால் மாதக் கடைசி வரை நேரம். தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம், அதாவது 500-க்கு மாதம் 5 ரூபாய். சின்னதாகத் தெரிகிறது, ஆனால் 500 ரூபாய்க்கு ஒரு மாத வட்டியே 2 ரூபாய் 80 பைசாதான். ஒரு தடவை தவறினால் அந்தத் தவணையின் கிட்டத்தட்ட இரண்டு மாத வட்டி போயிற்று. நான்கு தவணை தவறிவிட்டால் கணக்கு நின்றுபோகும். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்கலாம், அதையும் விட்டால் மேற்கொண்டு கட்ட முடியாது. அவசரம் வந்தால் கணக்கை உடைப்பதற்கு முன் கடன் கேளுங்கள். பன்னிரண்டு தவணை கட்டி, ஒரு வருடம் ஆகியிருந்தால் இருப்பில் பாதிவரை கடன் தருவார்கள். மூன்று வருடம் கழித்து இடையில் முடித்துக்கொள்ளலாம், ஆனால் அப்போது சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். கடலையில் பெரும்பகுதி போய்விடும்.

அம்மா இதற்கெல்லாம் மேலே ஒன்றைத்தான் மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார், பாஸ்புத்தகம். பல வருடத்துக்கு முன் அஞ்சலக முகவர் ஒருவர் வீடு வீடாக வந்து தவணை வாங்கிப் போவார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசுவார். ஒரு சின்ன அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருவார். பாஸ்புத்தகம் அவரிடமே இருக்கும், "மொத்தமா பதிஞ்சு தர்றேன் அக்கா" என்பார். அம்மா ஒருநாள் வேறு வேலையாக அஞ்சலகம் போனபோது விசாரித்தால், நான்கு மாதமாகப் பணமே ஏறவில்லை. கணக்கு நிற்கிற நிலையில் இருந்தது. சண்டை போட்டுப் பணத்தை வாங்கி, அபராதத்தையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார், அது வேறு கதை. அன்றிலிருந்து பாஸ்புத்தகம் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும் தகரப் பெட்டியை விட்டு வெளியே தங்கியதில்லை. முகவர் மூலம் கட்டுவது தவறில்லை, நேரம் இல்லாதவர்களுக்கு உதவிதான். அவருக்குக் கமிஷன் அரசு தருகிறது, நம்மிடம் தனியாகக் கேட்கக் கூடாது. ஆனால் அட்டையில் போட்ட கையெழுத்து கணக்கு ஆகாது. பாஸ்புத்தகத்தில் பதிவு விழுந்தால்தான் பணம் உள்ளே போயிற்று என்று அர்த்தம். இரண்டு மாதத்துக்கு மேல் பதிவு இல்லாமல் இருந்தால் நாமே நேரில் போய்விட வேண்டும்.

மறுநாள் காலை மூவரும் போனோம். தேதி 11. படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னதும் மகள் பள்ளியில் போடுகிற மாதிரி இனிஷியலோடு ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று போட்டுவிட்டாள். ஏதாவது ஒன்றுதான் என்று கவுண்டரில் இருந்த ஊழியர் சிரித்துக்கொண்டே வேறு படிவம் கொடுத்தார். தமிழிலேயே போட்டாள். புதுப் பாஸ்புத்தகத்தில் முதல் வரி விழுந்தது, 500 ரூபாய்.

வரும் வழியில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆயா, அந்த 28 பைசா எப்ப ஏறும்?" என்றாள். அம்மா விரல் விட்டு எண்ணினார். "புரட்டாசியில பாரு. வட்டியை மூணு மூணு மாசமா இங்க எழுத மாட்டாங்க கண்ணு, கடைசியில மொத்தமாத்தான் தெரியும். நீ தனியா ஒரு நோட்டு போட்டுக்க."

ஊருக்குத் திரும்பும்போது பேருந்து நிலையத்துக் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். நான்கு கட்டம் அவளே போட்டாள்: தேதி, போட்டது, வட்டி, குட்டி.